வெற்றிடத்தில் இருக்கும் மையத்தை அளப்பது எப்படி?

ஒரு துளையின் மையத்தில் தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை. அங்கே இருந்த உலோகத்தைத்தான் எடுத்துவிட்டோம். ஆனால் வரைபடம் கேட்பது அந்த மையத்தைத்தான்: "இந்தத் துளையின் மையத்திலிருந்து அந்தத் துளையின் மையம்வரை 80 மில்லிமீட்டர், 0.05 கூடலாம், 0.05 குறையலாம்." கையில் இருப்பது ஒரு காலிப்பர். அதன் தாடைகளுக்குத் தொட ஒரு பரப்பு வேண்டும். இல்லாத இடத்தை அவை எப்படித் தொடும்?

துளைக்குள் ஒரு பின்னைச் செருகினால் தொட ஒரு பரப்பு கிடைத்துவிடும். துளையின் நடுவில் உருண்டையான ஒரு பின் நிற்குமானால், பின்னின் மையமே துளையின் மையம். பட்டறைகளில் அன்றாடம் கையாளும் எளிய வழி இது. எளிமையாக இருப்பதாலேயே இதைப் பாதியோடு நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. ஓர் அளவை எடுத்துக் கழித்துப் பார்த்து "சரி" என்றோ "தவறு" என்றோ சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதாக இன்னோர் அளவு எடுத்தால் என்ன மாறும் என்பதை ஒரு கியர்பெட்டித் தகட்டை வைத்துப் பார்ப்போம்.

20 பற்கள் உள்ள சிறிய கியரும் 60 பற்கள் உள்ள பெரிய கியரும் ஒன்றோடொன்று கவ்விச் சுழல வேண்டும். பல்லின் பருமனைக் குறிக்கும் மாட்யூல் 2. பற்களின் கூட்டுத்தொகை 80. அதை மாட்யூலால் பெருக்கிப் பாதியாக்கினால் 80 மி.மீ. இரண்டு தண்டுகளுக்கும் இடையே இருக்க வேண்டிய மைய தூரம் இதுதான். பொதுவாகப் பயன்படும் 20 பாகை அழுத்தக் கோணமுள்ள பற்களில், மையங்கள் 0.05 மி.மீ. நெருங்கினால் பற்களுக்கு இடையே விட்ட தளர்வில் சுமார் 0.036 மி.மீ. போய்விடும். நெருக்கம் அதிகமானால் கியர் சத்தமிடும், சூடேறும். தூரம் அதிகமானால் திசை மாறும்போதெல்லாம் தட்டும்.

தகட்டில் இரண்டு துளைகளையும் போரிங் செய்தாயிற்று. இறுதி அளவுக்கு இன்னும் கொஞ்சம் உலோகம் மீதம் இருக்கிறது. மைய தூரத்தைப் பார்க்க இதுவே ஏற்ற நேரம். இப்போது விலகல் தெரிந்தால் கடைசி வெட்டில் மையத்தை நகர்த்தித் திருத்தலாம். முடித்த பிறகு தெரிந்தால் தகடு வீண்.

பின் இல்லாமலே, காலிப்பரின் மேல் தாடைகளைத் துளைகளின் விளிம்பில் வைத்து அளக்கலாமே என்று தோன்றும். அவசரத்துக்கு அப்படிச் செய்பவர்களும் உண்டு. ஆனால் துளையின் வாயைப் பெரும்பாலும் சற்றுச் சரித்து விட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் பிசிறு நிற்கும். வளைந்த சுவரில் மிகச்சரியான புள்ளியைக் கத்திமுனைத் தாடை பிடித்ததா, சற்றுத் தள்ளிப் பிடித்ததா என்பதும் தெரியாது. பின் செருகினால் இந்தத் தொல்லை இல்லை. அது துளையின் சுவரில் நின்றுகொண்டு, அளக்க வசதியாக வெளியே நீட்டியிருக்கும்.

எந்தப் பின்? அளவுக்கென்றே செய்த கேஜ் பின்கள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கழற்றிப்போட்ட உருளை பேரிங்கின் ரோலர்கள் நன்றாக உதவும். அவை கடினமானவை, உருண்டை சுத்தமானவை. கடையில் கிடைக்கும் டவல் பின்களில் ஒரு சிக்கல் உண்டு. அவற்றில் பல, துளையில் இறுகி நிற்பதற்காகவே பெயரளவைவிட இம்மியளவு பெரிதாகச் செய்யப்படுபவை. 12 மி.மீ. என்று அச்சிட்ட டவல் பின், சரியாக 12 மி.மீ. உள்ள துளைக்குள் கையால் தள்ளினால் போகாது. அதைச் சுத்தியால் தட்டி இறக்கக் கூடாது. அளக்கப்போன துளையே கெட்டுவிடும். டிரில் பிட்டின் கைப்பிடிப் பகுதியும் வேண்டாம். டிரில் சக் கடித்த தழும்புகள் அதில் இருக்கும்.

நம் தகட்டுக்கு 12.00 மி.மீ., 16.00 மி.மீ. பின்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். துளைகளைத் துடைத்து, பிசிறு நீக்கி, பின்களைச் செருகுகிறோம். இரண்டும் விரலால் தள்ளினால் இறங்குகின்றன, கொஞ்சம் ஆடுகின்றன.

முதலில் வெளிப்புற அளவு. காலிப்பரின் பெரிய தாடைகளால் இரண்டு பின்களையும் வெளியிலிருந்து அணைத்துப் பிடித்தால் 93.96 காட்டுகிறது. இதில் மைய தூரத்தோடு இரண்டு பின்களின் அரைவிட்டமும் சேர்ந்திருக்கிறது. ஒன்றின் பாதி 6, மற்றதன் பாதி 8, மொத்தம் 14. கழித்தால் 79.96. அனுமதி 79.95 வரை. தகடு மயிரிழையில் தேறுகிறது.

பலர் இங்கேயே காலிப்பரை வைத்துவிடுவார்கள். நாம் மேல் தாடைகளைப் பின்களுக்கு நடுவே இறக்கி, உட்புற இடைவெளியையும் எடுப்போம். 66.06 காட்டுகிறது. இப்போது 14ஐக் கூட்ட வேண்டும். விடை 80.06. மேல் வரம்பு 80.05. இந்தக் கணக்கின்படி தகடு தேறாது.

தகடும் பின்களும் காலிப்பரும் மாறவில்லை. விடைகளுக்கு இடையே 0.10 வித்தியாசம். காரணம் அந்த ஆட்டம்தான். உண்மையில் துளைகள் 12.05, 16.05 என்று இருக்கின்றன. ஒவ்வொரு பின்னும் தன் துளையின் மையத்திலிருந்து எந்தப் பக்கமும் 0.025 நகர முடியும். வெளியிலிருந்து பிடித்தபோது காலிப்பர் இரண்டு பின்களையும் உள்நோக்கி நெருக்கியது, தூரம் 0.05 குறைந்தது. உள்ளிருந்து விரித்தபோது இரண்டையும் வெளிநோக்கித் தள்ளியது, 0.05 கூடியது. எதிரெதிர்த் திசையில் ஒரே அளவு பிழை.

அதனால் இரண்டு அளவையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும். 93.96உடன் 66.06ஐக் கூட்டினால் 160.02. பாதி 80.01. மைய தூரம் அதுதான். தகடு நன்றாகவே தேறுகிறது.

இந்தக் கணக்கில் 12, 16 என்ற எண்கள் வரவே இல்லை. வெளிப்புற அளவில் பின்களின் பருமன் கூடி நிற்கிறது, உட்புற அளவில் கழிந்து நிற்கிறது. கூட்டும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பின்னின் விட்டம் துல்லியமாகத் தெரியாவிட்டாலும் மைய தூரம் கிடைத்துவிடும். பின் உருண்டையாகவும் நீளம் முழுக்க ஒரே பருமனாகவும் இருந்தால் போதும். துளையின் தளர்வும் அதேபோல் அழிந்துவிடுகிறது. பின்னின் விட்டம் தெரிந்திருந்தால் இன்னொரு பயனும் உண்டு: தனித்தனியே கணக்கிட்ட 79.96, 80.06 ஆகிய இரண்டு விடைகளின் வித்தியாசம், இரண்டு துளைகளிலும் உள்ள தளர்வின் கூட்டுத்தொகை. இங்கே அது 0.10. பின்கள் ஆடாமல் இறுக்கமாக நிற்க, வித்தியாசம் மட்டும் பெரிதாக வந்தால், காலிப்பரையோ அதைப் பிடித்த விதத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

பிடிக்கும் விதத்தில் கவனிக்க வேண்டியவை சில. ஆடும் பின் நகர்வதோடு சாயவும் செய்யும். உயரே போகப் போகச் சாய்வின் பிழை பெருகும். ஆகவே தகட்டின் முகத்தை ஒட்டியே அளக்க வேண்டும். உட்புற அளவையும் வெளிப்புற அளவையும் ஒரே உயரத்தில், ஒரே அளவு அழுத்தத்தில் எடுத்தால்தான் இரண்டு பிழைகளும் சமமாகி அழியும்.

உட்புறம் அளக்கும்போது மேல் தாடைகளை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்து, கிடைப்பதிலேயே சிறிய அளவை எடுக்க வேண்டும். இரண்டு உருளைகளுக்கு நடுவே மிகக் குறுகிய இடம் மையக்கோட்டில்தான் இருக்கிறது. வெளிப்புறம் அளக்கும்போது நிலைமை தலைகீழ். காலிப்பரைத் தகட்டுக்கு இணையாகப் படுக்கவைத்து, மெல்லிய அழுத்தத்தோடு திருப்பிப் பார்த்தால், மையக்கோட்டுக்கு நேராக வரும்போது அளவு உச்சத்தில் இருக்கும்; கோணலாகும்போது குறையும். 80 மி.மீ. தூரத்தில் 2 பாகை கோணலுக்கே 0.05 மி.மீ. வரை குறைந்துவிடும். எனவே இங்கே எடுக்க வேண்டியது பெரிய அளவு. படுக்கவைக்காமல் மேலும் கீழுமாகச் சாய்த்துப் பிடித்தால் அளவு பொய்யாகக் கூடிவிடும் என்பதால், பெரிய அளவைத் தேடும்போது தாடை தகட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலிப்பரின் அளவுகோல் ஓரிடத்திலும் பின் வேறோரிடத்திலும் இருப்பதால் தாடை இம்மியளவு வளைந்தாலும் பிழை வரும். அளவுகோலும் அளக்கப்படும் நீளமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே 1890இல் வகுத்த விதி இதற்காகத்தான். காலிப்பரின் அமைப்பே அந்த விதிக்கு உட்படாதது. அதனால் தாடையின் நுனியில் பிடிக்காமல், பின்கள் அளவுகோலை நெருங்கி இருக்கும்படி பிடிக்கிறோம். இரண்டு பின்களையும் அளவுகோலின் விளிம்பில் முட்டவைத்து நேர்பார்ப்பது, பின்கள் ஒரே பருமனாக இருந்தால் மட்டுமே சரி. நம் பின்களில் ஒன்றின் அரைவிட்டம் மற்றதைவிட 2 மி.மீ. பெரிது. முட்டவைத்தால் காலிப்பர் கோணலாகி 0.025 குறைத்துக் காட்டும்.

கூட்டிப் பாதியாக்கினாலும் நீங்காத பிழைகளும் உண்டு. தாடைகளை மூடியபோது காலிப்பர் 0.03 காட்டினால், இரண்டு அளவிலும் அந்த 0.03 கூடியே வரும். சராசரியிலும் அப்படியே நிற்கும். அளக்கும் முன் பூச்சியத்தைப் பார்த்துவிட வேண்டும். மேல் தாடைகள் தேய்ந்திருந்தால் உட்புற அளவு மட்டும் கூடும். ஒரு மைக்ரோமீட்டரை 25.00இல் பூட்டி, அதன் இடைவெளியை மேல் தாடைகளால் அளந்தால் தேய்மானம் தெரிந்துவிடும்.

துளைகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் போவது இன்னொன்று. பின்களை மறுபக்கமும் நீட்டும்படி செருகி, தகட்டைத் திருப்பி அங்கேயும் இரண்டு அளவும் எடுக்க வேண்டும். முன்பக்கம் 80.01, பின்பக்கம் 80.09 என்று வந்தால், மைய தூரம் என்று ஓர் எண்ணைச் சொல்வதற்கில்லை. துளைகள் உள்ளே போகப்போக விலகுகின்றன. முன்பக்கத்தை மட்டும் அளந்தவருக்கு அந்தத் தகடு குறையில்லாததாகவே தெரியும்.

இந்த முறையின் எல்லை காலிப்பரின் எல்லைதான். 150 மி.மீ. நல்ல டிஜிட்டல் காலிப்பர் 0.01 வரை எண் காட்டினாலும், 0.02 கூடவோ குறையவோ இருக்கலாம் என்றுதான் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அதற்கு மேல் கையின் அழுத்தமும் கோணலும் சேரும். 0.05 அனுமதி உள்ள தகட்டில் 80.01 என்று வந்தால் நம்பித் தேற்றலாம். 80.04 என்று வந்தால் அந்த விடையை நம்பி முடிவு செய்ய இடமில்லை. அனுமதியே 0.02 என்றால் காலிப்பரை எடுக்கவே வேண்டாம். அதே பின்களை வைத்துக்கொண்டு, வெளிப்புறத்தை மைக்ரோமீட்டராலும் உட்புற இடைவெளியை ஸ்லிப் கேஜ்களாலும் அளக்கலாம். அங்கேயும் கூட்டிப் பாதியாக்கும் கணக்கு அப்படியே செல்லும்.

சோதனைத் தாளில் 80.01 என்ற விடையை மட்டும் எழுதாமல், 93.96, 66.06 என்ற இரண்டு அளவுகளையும் பின்களின் விட்டங்களையும் எழுதி வைப்பது நல்லது. அடுத்து அந்தத் தகட்டை எடுப்பவர், மையம் சரியாக இருப்பதோடு துளைகளில் எவ்வளவு தளர்வு இருந்தது என்பதையும் அந்த எண்களிலிருந்தே கணக்கிட்டுக்கொள்வார்.