படிக்கட்டு இறங்காத நாள்

பத்து வேலை நாள் கொண்ட ஒரு ஸ்பிரின்ட்டில் ஐந்தாம் நாள் மாலை எங்கள் திரையில் இருந்த பர்ன்டவுன் சார்ட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பாதி நாள் போயிடுச்சு, இன்னும் முப்பத்தொண்ணு நிக்குதே, ஏன்?" கேள்வி சரியானதுதான். ஆனால் அதற்கான பதில் அந்தக் கோட்டில் முழுதாக இல்லை. எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பதைக் கோடு சொல்லும். ஏன் என்பதை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

மென்பொருள் குழுக்கள் ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம் என்று ஒரு காலத்தை வரையறுத்து, அதற்குள் முடிப்பதற்கென்று கொஞ்சம் வேலையை எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தைத்தான் ஸ்பிரின்ட் என்கிறோம். வேலையைச் சின்னச் சின்ன ஸ்டோரிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பளுவுக்கும் ஏற்றபடி 3, 5, 8 என்று பாயின்ட் போடுவோம். மீதியிருக்கும் பாயின்ட்டை நாள்தோறும் குறித்துக்கொண்டே வரும் வரைபடம்தான் பர்ன்டவுன் சார்ட். கீழே நாட்கள், இடப்பக்கம் பாயின்ட். ஜிராவில் இரண்டு கோடுகள் தெரியும். தொடக்கத்திலிருந்து கடைசி நாளின் பூஜ்யத்துக்குச் சரிந்து போகும் சாம்பல் நிறக் கோடு வெறும் வழிகாட்டி. சிவப்புக் கோடுதான் உண்மையில் மீதியிருக்கும் வேலை.

முதல் இரண்டு நாள் சிவப்புக் கோடு தட்டையாகக் கிடந்தால் யாரும் பதற வேண்டாம். ஒரு ஸ்டோரி முழுதாக முடிந்தால்தான் அதன் பாயின்ட் கழியும். எட்டு பாயின்ட் வேலையில் முக்கால்வாசி முடிந்திருந்தாலும் சார்ட்டைப் பொறுத்தவரை அது தொடாத வேலைதான். அதனால் சிவப்புக் கோடு சாய்வாக இறங்காது, படிக்கட்டாக இறங்கும். ஸ்டோரி பெரிதாக இருந்தால் படியும் உயரமாக இருக்கும், அடுத்த படிக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். "முக்கால்வாசி முடிஞ்சதுக்கு முக்கால் பாயின்ட் கழிச்சுக்கலாமே" என்று சிலர் கேட்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. கடைசிக் கால்வாசியில்தான் பெரும்பாலும் பிழைகள் பதுங்கியிருக்கும். அதை முன்கூட்டியே கழித்துவிட்டால் சார்ட் நமக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடும்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். பஸ் டிக்கெட் பதிவு செய்யும் செயலி ஒன்றுக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். டிக்கெட்டை ரத்து செய்தவருக்கு யாரும் கை வைக்காமல் பணம் தானாகத் திரும்பிப் போக வேண்டும் என்பது அந்த ஸ்பிரின்ட்டின் இலக்கு. எட்டு ஸ்டோரி, மொத்தம் 40 பாயின்ட். நாளுக்கு நான்கு என்று கணக்குப் போட்டால் ஐந்தாம் நாள் மாலை 20 மீதியிருக்க வேண்டும். இருந்தது 31.

பதினொன்று பின்தங்கல் என்று உடனே எழுதிவிடலாம். நான் முதலில் சார்ட்டுக்குக் கீழே இருக்கும் பட்டியலைப் பார்த்தேன். எந்த நாளில் எது முடிந்தது, எது புதிதாக உள்ளே வந்தது என்று அங்கே வரிசையாக இருக்கும். நான்காம் நாள் ஐந்து பாயின்ட் ஸ்டோரி ஒன்று உள்ளே வந்திருந்தது. தள்ளுபடிக் கூப்பன் வேலை, வாடிக்கையாளர் அவசரமாகக் கேட்டது. ஆக, நாங்கள் 14 பாயின்ட் முடித்திருந்தோம், அதன் மேல் 5 ஏறியிருந்தது. பதினொன்றில் ஐந்து, வேலை கூடியதால் வந்தது. ஆறு மட்டுமே வேகம் குறைந்ததால் வந்தது. இரண்டுக்கும் மருந்து வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் குழுவிடம் போய் "வேகமா பண்ணுங்க" என்று சொல்வது அநியாயம்.

அந்த ஆறுக்கு விடை தேடி போர்டைப் பார்த்தேன். நிரல் எழுதி முடித்த மூன்று ஸ்டோரிகள், 5, 5, 3 என்று 13 பாயின்ட், சோதனைப் பத்தியில் நின்றன. அதில் ஒன்று இரண்டாம் நாளிலிருந்தே அங்கே கிடந்தது. சோதிப்பவர் எங்கள் குழுவில் ஒருவர்தான். மறுநாள் காலை ஸ்டாண்டப்பில் அவரிடம் கேட்டேன்.

"மூணும் எங்கிட்டதான் இருக்கு சார். பணம் திரும்பப் போகுதான்னு பார்க்க பேங்கோட டெஸ்ட் கணக்கு வேணும். ஒரே ஒரு லாகின்தான் குடுத்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் புதுசா டிக்கெட் போட்டு, ரத்து பண்ணி, பணம் வர்ற வரைக்கும் காத்திருந்து பார்க்க வேண்டியிருக்கு."

"இதை முந்தாநாளே சொல்லியிருக்கலாமேம்மா?"

"எல்லாரும் வேலை முடிச்சிட்டேன்னு சொன்னாங்க சார். நான் மட்டும் நிக்கிறேன்னு எப்படிச் சொல்றது?"

அந்தப் பதில் என்னை உறுத்தியது. நிரல் எழுதுபவர்கள் ஒன்றை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் உழைத்தார்கள், ஆனால் எதுவும் வெளியே வரவில்லை. சும்மா இருக்கும் குழுவின் கோடும் வாசலில் நெரிசல்பட்டு நிற்கும் குழுவின் கோடும் சார்ட்டில் ஒரே மாதிரி தட்டையாகத்தான் தெரியும். போர்டில் நடுப் பத்திகள் நிரம்பி வழிந்தால் நெரிசல், முதல் பத்தியே காலியாகாமல் கிடந்தால் மதிப்பீட்டுத் தவறு அல்லது ஆள் பற்றாக்குறை.

ஸ்டாண்டப் முடிந்ததும் இரண்டு முடிவுகள் எடுத்தோம். முதலாவது, சோதனையில் இருப்பவை வெளியே வரும் வரை யாரும் புது ஸ்டோரியைத் தொடக்கூடாது. ஒருவர் சோதனைக்கு வேண்டிய டிக்கெட்டுகளை மொத்தமாக உருவாக்கித் தரும் சிறு நிரலை எழுத உட்கார்ந்தார். இன்னொருவர் வங்கித் தரப்பில் பேசி அன்று மாலைக்குள் இரண்டாவது லாகின் வாங்கினார்.

இரண்டாவது முடிவுக்குப் புராடக்ட் ஓனர் வேண்டும். சோதனையில் நின்ற 13 போக மீதி 18 பாயின்ட் இருந்தது: பணம் திரும்பியதும் போகும் எஸ்.எம்.எஸ். 5, கூப்பன் 5, மாதாந்திர அறிக்கை 8. ஐந்து நாளில் 14 முடித்த குழு அடுத்த ஐந்து நாளில் 31 முடிக்காது என்று அவரிடம் நேராகச் சொன்னேன். அறிக்கைக்கும் ஸ்பிரின்ட்டின் இலக்குக்கும் தொடர்பில்லை. கூப்பன் உள்ளே வந்தால் அறிக்கை வெளியே போக வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார். ஸ்கிரம் வழிகாட்டியும் இதற்கு இடம் தருகிறது. இலக்கைக் குலைக்காதவரை, வேலையின் அளவைப் புராடக்ட் ஓனரோடு பேசி மாற்றிக்கொள்ளலாம்.

கூடுதலாக இரண்டு பேரைத் தருவதாக மேலிருந்து சொன்னார்கள். வேண்டாம் என்றேன். பின்தங்கிய மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் பின்தங்கும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதினார். ஐந்து நாளே மீதமிருக்கும்போது புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? வேலை தெரிந்தவர்கள்தான், அதுவும் அவர்களுடைய நேரத்தில்.

ஆறாம் நாள் மாலை சார்ட்டில் மீதி 31இலிருந்து 20க்கு விழுந்தது. பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த பதினொன்றில் எட்டு, வெளியே எடுத்த அறிக்கை. உண்மையில் முடிந்தது மூன்று மட்டுமே. கோடு ஏறுவதற்குக் காரணம் கேட்பதைப் போலவே இறங்குவதற்கும் காரணம் கேட்க வேண்டும் என்பதால் அதையும் சொல்லிவிட்டேன். ஏழாம் நாள் சோதனையில் இருந்த மற்ற இரண்டும் வெளியே வந்தன, மீதி 10. ஒன்பதாம் நாள் எஸ்.எம்.எஸ். முடிந்தது, மீதி 5. கூப்பன் முடியவில்லை. கடைசி நாள் இரவு உட்கார்ந்து முடித்திருக்கலாம்தான், ஆனால் சோதிக்க நேரம் இருந்திருக்காது. கோடு பூஜ்யத்தைத் தொடாமலே ஸ்பிரின்ட் முடிந்தது. பணம் தானாகத் திரும்பிப் போகும் வேலை மட்டும் முழுதாக வெளியே போனது.

அந்த ஸ்பிரின்ட்டில் நாங்கள் உண்மையாக முடித்தது 32 பாயின்ட். அடுத்ததற்கு அவ்வளவுதான் எடுத்தோம், விடுபட்ட கூப்பனையும் அதற்குள் அடக்கி. எட்டு பாயின்ட் அறிக்கையை 3, 3, 2 என்று உடைத்தோம். சோதனைப் பத்தியின் தலையில், ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் நிற்கக்கூடாது என்று ஒரு எண்ணை எழுதி வைத்தோம். சோதிப்பவரை ஸ்டாண்டப்பில் முதலில் பேச வைத்தோம்.