கரண்ட் வைக்கும் முன்பே நிற்க வேண்டிய பீடி

தொண்டைப் புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்ததும் பல வீடுகளில் ஒரு பேச்சு எழும். “வந்தது வந்துடுச்சு. இனிமே பீடிய விட்டு என்ன ஆகப்போவுது?” நோயாளி இப்படிக் கேட்பார். அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் மனைவியும் சில நேரம் அதற்குத் தலையாட்டிவிடுவார். புகையிலை செய்ய வேண்டிய கெடுதலையெல்லாம் செய்து முடித்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். ஆனால், இனிமேல் தரப்போகும் சிகிச்சையிலும் அது கை வைக்கிறது. ‘கரண்ட் வைக்கிறது’ என்று நம் மக்கள் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சையில் இதைத் தெளிவாகவே பார்க்கலாம்.

கனடாவின் ஹாமில்டன் நகரில் ஜார்ஜ் பிரவ்மன் என்ற மருத்துவரின் குழு, தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய் முற்றிய 115 பேரைக் கவனித்தது. எல்லோருக்கும் கதிர்வீச்சு தரப்பட்டது. அவர்களில் 53 பேர் சிகிச்சை நடந்த வாரங்களிலும் சிகரெட் பிடித்தார்கள். 1993இல் வெளியான முடிவு மருத்துவர்களையே உலுக்கியது. புகைக்காதவர்களில் 74 சதவீதம் பேருக்குக் கட்டி முழுவதும் கரைந்தது. புகைத்தவர்களில் அது 45 சதவீதம்தான். 2 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 66 சதவீதம், இரண்டாவதில் 39 சதவீதம்.

கட்டி கரைவதற்கும் பீடிக்கும் என்ன தொடர்பு? விடை ஆக்சிஜனில் இருக்கிறது. கதிர்கள் செல்லுக்குள் பாய்ந்து அதன் மரபுப்பொருளை உடைக்கின்றன. பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால், அது அந்த உடைசலோடு சேர்ந்து, செல் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாதபடி நிலைநிறுத்திவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அதே உடைசலைச் செல் ஒட்டுப்போட்டுத் தப்பிவிடும். ஆக்சிஜன் நன்றாகக் கிடைக்கும் செல்லைக் கொல்ல ஆகும் அளவைப் போல இரண்டரை முதல் 3 மடங்கு கதிர்வீச்சு தந்தால்தான் ஆக்சிஜன் அற்ற செல் சாகும். 1950களில் இதை விளக்கிக் காட்டியவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் லூயிஸ் ஹரால்டு கிரே. கதிர்வீச்சை அளக்கும் ‘கிரே’ என்ற அலகுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கட்டிக்குள் இரத்தக் குழாய்கள் ஒழுங்கில்லாமல் வளர்வதால் அங்கே ஏற்கெனவே ஆக்சிஜன் பற்றாக்குறை. இந்த நிலையில் நோயாளி ஒரு பீடியைப் பற்றவைத்தால், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் கலக்கிறது. இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். அதோடு, எஞ்சிய இடத்தில் ஏறும் ஆக்சிஜனையும் திசுக்களுக்கு எளிதில் இறக்கிவிடாது.

பீடியில் இன்னொரு சிக்கல் உண்டு. தெண்டு இலையில் சுற்றிய பீடி, இழுக்காமல் விட்டால் அணைந்துபோகும். அதனால் சிகரெட்டைவிட அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே போகும் கார்பன் மோனாக்சைடும் கூடுதலாகிறது. ஓய்வாக இருக்கும் உடலில் அதில் பாதி வெளியேறவே 4 முதல் 6 மணி நேரம் ஆகும். காலை பத்து மணிக்குக் கதிர்வீச்சு என்றால், ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் பிடித்த பீடி ஏறக்குறைய முழுசாக நோயாளியோடு மேஜையில் ஏறிப் படுத்திருக்கிறது என்று பொருள்.

இதைச் சாதாரணப் பரிசோதனைகள் காட்டிக்கொடுக்காது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் பிரித்தறியத் தெரியாது. 98 என்று காட்டிவிடும். நெடுநாள் புகைப்பவர்களுக்கு உடல் ஈடுகட்டப் பார்ப்பதால் ஹீமோகுளோபின் அளவுகூடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கலாம். அறிக்கையைப் பார்த்தால் நல்ல இரத்தம் போலத் தோன்றும். உண்மை நிலையை அறிய, ஊதிப் பார்க்கும் கார்பன் மோனாக்சைடு கருவி தேவை. புகையிலை நிறுத்த உதவும் மையங்களில் அது இருக்கும்.

சிகிச்சையோடு இது எப்படி மோதுகிறது என்பதைப் பார்க்க, குரல்வளையில் புற்றுநோய் வந்த ஒரு லாரி ஓட்டுநரை நினைத்துக்கொள்வோம். வயது 52, நாளொன்றுக்கு 20 பீடிக்கு மேல். அவருக்கு 70 கிரே கதிர்வீச்சு என்று முடிவாகிறது. ஒரு நாளைக்கு 2 கிரே, வாரத்தில் 5 நாள், மொத்தம் 35 முறை, 7 வாரம். ஆனால் மறுநாளே மேஜையில் ஏற்றிவிட மாட்டார்கள். முதலில் பல் மருத்துவர் பார்த்துச் சொத்தைப் பற்களை எடுப்பார். அந்தப் புண் ஆறுவதற்குப் பத்து, பதினைந்து நாள் விட வேண்டும். பிறகு, தலை அசையாமல் இருக்க முகத்தின் அளவுக்கு ஒரு முகமூடி செய்வார்கள். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்துப் படியவைத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். அதைப் போட்டபடியே ஸ்கேன் எடுத்து, கதிர்கள் எந்தக் கோணத்தில் பாய வேண்டும் என்று திட்டமிடுவார்கள். இதற்கெல்லாம் இரண்டு, மூன்று வாரம் ஓடிவிடும்.

நோயாளி காத்திருப்பு என்று நினைக்கும் இந்த நாள்கள்தான் பீடியை விட ஏற்ற காலம். நிகோடினை நிறுத்தியதும் வரும் எரிச்சல், தூக்கமின்மை, கை பரபரப்பு, பதற்றம் எல்லாம் முதல் வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். பிறகு படிப்படியாகக் குறைந்து, பெரும்பாலானவர்களுக்கு 3, 4 வாரத்தில் அடங்கும். பல் எடுத்த அன்றே நிறுத்தினால், முகமூடி போட்டு முதல் நாள் படுக்கும்போது மிக மோசமான கட்டம் கடந்திருக்கும். புகை படாத ஈறும் சீக்கிரம் ஆறும்.

நிறுத்தாமல் போனால் என்ன ஆகும்? மூன்றாவது வாரவாக்கில் தொண்டையும் வாயும் புண்ணாகத் தொடங்கும். இது எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் புண்ணின் மேல் சூடான புகையும் படும்போது வலி கூடும், ஆறுவது தாமதமாகும். கஞ்சிகூட இறங்காமல் எடை குறையும். மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டி வரும். சிலர் “ரெண்டு நாள் கழிச்சு வர்றேன் சார்” என்று வீட்டிலேயே தங்கிவிடுவார்கள். அந்த இரண்டு நாளுக்கு விலை உண்டு. கதிர்வீச்சு இல்லாத நாள்களில் எஞ்சிய புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால், நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறைகிறது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புகைப்பதை விடாதவர்களில் குடிப்பழக்கமும் நலிந்த உடலும் அதிகம். அவர்கள் தேறாமல் போனதில் அவற்றுக்கும் பங்கு இருக்கலாம். பிரவ்மன் குழுவே 2002இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், நோயின் தன்மை போன்ற மற்றக் காரணங்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது இடைவெளி அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. அதனால் 74, 45 என்ற எண்களை ஒருவர் தன் தலைவிதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால், வேறு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளும் காட்டும் திசை ஒன்றே. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2014ஆம் ஆண்டு அறிக்கை, புற்றுநோயாளிகள் தொடர்ந்து புகைப்பதே மரணத்தைக் கூட்டும் ஒரு காரணம் என்று முடிவு சொன்னது. மாஸ்கோவில், ஆரம்ப நிலை நுரையீரல் புற்றுநோய் இருந்த 517 புகைப்பழக்கக்காரர்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில், நோய் தெரிந்தபிறகு நிறுத்தியவர்கள் நிறுத்தாதவர்களைவிட ஏறத்தாழ 22 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். நோய் வந்தபிறகு விட்டவர்களுக்குக் கிடைத்த காலம் அது.

சரி, விடுவது எப்படி? மன உறுதி மட்டும் போதும் என்று விட்டுவிடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும். ஆனால் வாய்ப்புண் வரப்போகும் இவருக்கு அது ஒத்துவராது. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டைதான் பொருத்தம். 20 பீடி பிடிப்பவருக்கு மருத்துவர்கள் பொதுவாக 21 மில்லிகிராம் பட்டையில் தொடங்குவார்கள். தினம் காலையில் மேற்கையிலோ மார்பிலோ முடியில்லாத இடத்தில் புதிதாக ஒட்டிக்கொள்ள வேண்டும். நாளுக்கு நாள் இடத்தை மாற்ற வேண்டும். கதிர் படும் கழுத்துப் பக்கம் ஒட்டக் கூடாது. இரவில் கெட்ட கனவு வந்தால் கழற்றிவிட்டுப் படுக்கலாம். 6 வாரம் கழித்து 14, பிறகு 7 என்று இறக்குவார்கள். பட்டையிலும் நிகோடின் இருக்கிறதே என்று வீட்டில் பயப்படுவார்கள். கார்பன் மோனாக்சைடும் தாரும் அதில் இல்லை, நிகோடினும் மெதுவாகத்தான் ஏறுகிறது. அறுவை சிகிச்சையில் வேறிடத்துத் தசையை எடுத்து ஒட்டப்போகிறார்கள் என்றால் மட்டும், அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நிகோடின் இரத்தக் குழாயைச் சுருக்கும்.

வேரெனிக்ளின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் உண்டு. வலிப்பு உள்ளவர்களுக்கும் மூளைக்கு நோய் பரவியவர்களுக்கும் புப்ரோபியான் ஆகாது. எனவே தானாக வாங்கிப் போடக் கூடாது.

மருந்தோடு பேச்சும் வேண்டும். அமெரிக்காவின் இரண்டு பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் 303 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் 4 வாரம் தொலைபேசி ஆலோசனை கிடைத்தது. அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு அந்த அழைப்புகள் 6 மாதம் வரை தொடர்ந்தன, மருந்தும் இலவசமாகத் தரப்பட்டது. 6 மாத முடிவில் அந்தப் பிரிவில் 34.5 சதவீதம் பேர் நிறுத்தியிருந்தார்கள். மற்றப் பிரிவில் 21.5 சதவீதம் பேர். நல்ல உதவி கிடைத்தும் மூன்றில் இரண்டு பேரால் முடியவில்லை என்பதையும் இந்த எண் சொல்கிறது. ஒருவர் தடுக்கி விழுந்தால் திட்டுவதில் பயனில்லை. திட்டினால் அடுத்த முறை மறைப்பார்.

மறைப்பதுதான் மருத்துவமனையில் நடக்கும் பெரிய இழப்பு. “பீடி விட்டாச்சா?” என்று மருத்துவர் மகன் எதிரில் கேட்டால், “விட்டுட்டேன் சார்” என்பதைத் தவிர ஓட்டுநரால் வேறென்ன சொல்ல முடியும்? அதையே தனியாக, “இந்த வாரம் எத்தனை பிடிச்சீங்கய்யா?” என்று நர்ஸ் கேட்டால் ஏழெட்டு என்று உண்மை வரும். அந்த எண்ணை வைத்துத்தான் பட்டையின் அளவைக் கூட்டவோ மாற்றவோ முடியும்.

புகைக்காமல் மெல்லுபவர்களுக்கும் இதில் பாதிப் பாடம் பொருந்தும். வெற்றிலையோடு புகையிலை போடுபவருக்கும் குட்கா, மாவா அடக்குபவருக்கும் கார்பன் மோனாக்சைடு பிரச்சினை இல்லை. ஆனால் நிகோடின் உண்டு, புண்ணை அரிக்கும் எரிச்சல் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கன்னத்தில் கட்டியை எடுத்தபிறகும் மறு கன்னத்தின் சவ்வு அதே நஞ்சில் ஆண்டுக்கணக்கில் ஊறியிருக்கிறது. அங்கே புதிதாக இன்னொரு புற்றுநோய் முளைப்பது வாய்ப் புற்றுநோயில் அரிதான சங்கதி இல்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போய், வலி அடங்கி, பழைய கூட்டாளிகள் பொட்டலத்தை நீட்டும் மாதங்கள் அதனால்தான் ஆபத்தானவை. பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் புகையிலையைப் பற்றியும் பேச வேண்டும்.

2002இல் நாட்டின் 13 இடங்களில் புகையிலை நிறுத்த மையங்கள் தொடங்கப்பட்டபோது சென்னை அடையாறு புற்றுநோய் மையமும் அவற்றில் ஒன்று. அருகில் மையம் இல்லாதவர்கள் 1800 11 2356 என்ற கட்டணமில்லா தேசிய எண்ணை அழைக்கலாம். தமிழிலும் பேசுவார்கள். அழைக்கும்போது புற்றுநோய் சிகிச்சையில் இருப்பதையும் கதிர்வீச்சு தொடங்கும் தேதியையும் முதலிலேயே சொல்லிவிட்டால், நிறுத்தும் நாளை அதற்கு ஏற்றபடி குறித்துக்கொள்ளலாம்.