விரத நாளில் வரும் கோபம்

ஏகாதசி அன்று அப்பாவிடம் நாங்கள் யாரும் பேசமாட்டோம். மதியம் இரண்டு மணிக்கு மேல் அவர் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்குள் நுழையாமல் கொல்லைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவோம். "அப்பா இன்னிக்குப் பட்டினி, கிட்டப் போகாதே" என்பாள் அம்மா. செருப்பு கோணலாகக் கிடந்தாலும் திட்டு விழும், செம்பில் தண்ணீர் குறைந்திருந்தாலும் திட்டு விழும். தசமியன்று ஒரு வேளைச் சாப்பாடு. ஏகாதசி முழுப் பட்டினி. துவாதசி விடியலில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை. அதுவரை அவர் ஒரு பருக்கை தொட்டதில்லை. விரதத்தில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. ஆனால் மாதம் இரண்டு நாள் வீடே மூச்சடக்கிக் கிடந்தது.

விரதம் மனிதனுக்குள் எதைப் பழக்க வந்தது என்று கேட்டால் புலனடக்கம் என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. சாப்பாட்டை நிறுத்தினால் உள்ளே கிடப்பது மேலே வருகிறது, முதலில் வருவது பெரும்பாலும் கோபம். அதை என்ன செய்வது என்று பல மதத்துப் பெரியவர்கள் மிக நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். அப்பாவின் கோபம் எங்கள் வீட்டுச் சங்கதி என்று நான் நினைத்திருந்தது தவறு.

பசித்தவனுக்குக் கோபம் வருவதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. சாப்பிட்டுச் சில மணி நேரம் ஆனதும் இரத்தத்தில் சர்க்கரை இறங்கத் தொடங்கும். கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அப்படிக் கொடுக்க வைக்கும் சுரப்புகளில் அட்ரினலினும் கார்டிசோலும் உண்டு. பாம்பைக் கண்டு பயப்படும்போதும், சண்டைக்கு நிற்கும்போதும் சுரப்பவை அவைதான். ஆகவே ஒன்றும் நடக்காதபோதே உடம்பு பாதிச் சண்டைக்குத் தயாராகி நிற்கிறது. அதோடு காலைக் காப்பியும் நின்றுவிட்டால், கடைசியாகக் குடித்த 12 மணி நேரத்துக்கு மேல் தலைவலி தொடங்கும். அப்பா ஒரு நாளைக்கு நாலு காப்பி குடிப்பவர். அவருடைய ஏகாதசிக் கோபத்தில் பாதி காப்பியின் கணக்கு என்று இப்போது தோன்றுகிறது. நோன்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தத் தலைவலி அதிகம் இருக்காது.

இந்தக் கோபத்துக்கு நேரடியாக ஒரு வழி சொல்லியிருப்பது இஸ்லாம். ரமலான் நோன்பு நம் ஊரில் சுமார் பதின்மூன்றரை மணி நேரம். விடியுமுன் சஹர் உண்டு, நிய்யத் வைத்துக்கொண்டால், மஃரிப் பாங்கு சொல்லும்வரை தண்ணீரும் கிடையாது. அஸர் தொழுகைக்குப் பிறகு வருகிற ஒன்றரை மணி நேரம்தான் கடினமான நேரம். யாராவது வம்புக்கு இழுத்தால், "நான் நோன்பு வைத்திருக்கிறேன்" என்று சொல்லும்படி நபிகள் நாயகம் அறிவுறுத்தியதாக ஹதீஸ் உண்டு. இதை வாய்விட்டுச் சொல்வதா, மனதுக்குள் சொல்லிக்கொள்வதா என்று மார்க்க அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். வாய்விட்டுச் சொன்னால் எதிராளி அடங்குவான். ஆனால் நோன்பைப் பறைசாற்றியது போலவும் ஆகலாம். மனதுக்குள் சொன்னால் அடங்க வேண்டியவன் அடங்குவான்.

எங்கள் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் பாயிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "நாலு மணிக்கு மேல பேரம் பேச வர்றவங்கதாண்ணே எனக்குப் பரீட்சை. வாய் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை எச்சியை முழுங்கிக்குவேன். அதுக்குள்ள 'நான் நோன்பு'ன்னு உள்ளுக்குள்ள சொல்லிடுவேன். அந்த ஒரு நொடி போதும்ணே" என்றார். அந்த ஒரு நொடியைத்தான் நோன்பு பழக்குகிறது என்று நான் புரிந்துகொண்டேன். பசி எழுகிறது, தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது, கை போகவில்லை. ஒரு பகலில் இப்படிப் பத்து இருபது தடவை நடக்கிறது. எழுந்த வேகத்துக்கும் நீளுகிற கைக்கும் நடுவே இடம் உண்டு என்று உடம்பு கற்றுக்கொண்டால், வசைச் சொல்லையும் அதே இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

பதினோராம் நூற்றாண்டில் பிறந்த இமாம் கஸ்ஸாலி, 'இஹ்யா உலூமுத்தீன்' என்ற பெருநூலில் நோன்பை மூன்று படிகளாகப் பிரித்தார். முதல் படி வயிற்றின் நோன்பு. இரண்டாம் படியில் கண், நாக்கு, காது, கை, கால் எல்லாம் நோன்பிருக்கும். மூன்றாவதில் உள்ளமே இறைவனைத் தவிர மற்றவற்றிலிருந்து விலகியிருக்கும். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இரண்டு நடைமுறை யோசனைகள். பசியே தெரியாதபடி பகலெல்லாம் தூங்கிக் கழிக்காதே என்கிறார். பகலில் விட்டதையெல்லாம் இரவில் சேர்த்துச் சாப்பிட்டால் நோன்பின் பயன் கைக்கு வராது என்றும் சொல்கிறார். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் ஒரு குவளை நோன்புக் கஞ்சியுமாக நிறுத்திக்கொள்கிறவருக்கு இது புரியும். ஏகாதசிக்குச் சோறுதானே கூடாது என்று உப்புமாவும் அடையும் வயிறு முட்ட உண்கிற நம் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு சுமார் 25 மணி நேரம், தண்ணீரும் இல்லாமல். அன்று காலை ஜெப ஆலயத்தில் வாசிக்கப்படுவது ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் ஒரு பகுதி. நோன்பிருந்துகொண்டே சச்சரவு செய்து கைமுஷ்டியால் அடிக்கிறவர்களை அது நேருக்கு நேர் கண்டிக்கிறது. வயிறு காய்ந்து உட்கார்ந்திருக்கும் மக்களுக்கு அந்த நாளிலேயே அதைப் படித்துக்காட்டும் துணிவு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவர்களுடைய மிஷ்னா இன்னும் ஒரு படி போகிறது. சக மனிதனுக்குச் செய்த தீங்கை, அவனைச் சமாதானப்படுத்தாதவரை அந்த நாள் தீர்த்துவைக்காது. எனவே நோன்புக்கு முந்தைய நாட்களில் மன்னிப்புக் கேட்டு அலைய வேண்டியிருக்கிறது. சமணத்திலும் இந்த முடிச்சு உண்டு. திகம்பரர்களின் பத்து நாள் தசலட்சண விரதத்தில் முதல் நாளுக்கு உரிய குணம் பொறுமை.

கிறிஸ்தவத்தில் இதை ஆழமாக ஆராய்ந்தவர்கள் நாலாம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகள். நம் கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்து ஒருசந்தி என்பது ஒரு வேளை முழுச் சாப்பாடு. அந்தத் துறவிகளுக்கு ஆண்டு முழுதும் ஏறக்குறைய அதுதான் வழக்கம். அவர்களில் ஒருவரான எவாக்ரியஸ், மனிதனை அலைக்கழிக்கும் எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்டார். முதலாவது பெருந்தீனி. கோபமும் அதில் உண்டு. வீண்பெருமையும் அகந்தையும் கடைசியில் வருகின்றன. தீனியை வென்றவனைப் பிடிப்பது பெருமை என்பதை அவர் கண்டிருந்தார். அப்பாவின் கோபத்துக்குள் இதுவும் இருந்திருக்கலாம். நான் பட்டினி கிடக்கிறேன், நீங்கள் செருப்பைக்கூட நேராக விடமாட்டீர்களா என்ற எண்ணம்.

அங்கே போய்வந்த ஜான் காசியன் ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்திருக்கிறார். விருந்தாளி வந்தால் முதியவர்கள் தயங்காமல் நோன்பை விட்டுச் சேர்ந்து உண்பதைப் பார்த்து, ஏன் என்று கேட்டிருக்கிறார். நோன்பு எப்போதும் என்னோடு இருக்கும், நீ போய்விடுவாய் என்ற பொருளில் பதில் வந்திருக்கிறது. இன்னொரு முதியவர், வந்தவர்களுக்காக அன்று ஆறு தடவை பந்தி வைத்து, ஆறு தடவையும் அவர்களோடு கூட உட்கார்ந்து உண்டிருக்கிறார். அப்படியும் வயிறு நிறையாமல் பார்த்துக்கொண்டாராம். நோன்பிருப்பதைவிட இது கடினம்.

எல்லாக் கோபமும் மனசின் கோபமாக இருக்காது என்பதையும் எங்கள் வீடு கற்றுக்கொண்டது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்த பின் ஓர் ஏகாதசி மாலை. வழக்கம்போல் சத்தம் போட்டார். ஆனால் நெற்றியில் வியர்வை கொட்டியது, செம்பைப் பிடித்த கை நடுங்கியது, பேச்சு குழறியது. அம்மா சட்டென்று சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துக் கொடுத்தாள். பிறகு குத்திப் பார்த்தபோதும் 64தான் காட்டியது. இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை அப்போதே முடித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் எல்லை. 300க்கு மேல் ஏறினாலும் அப்படித்தான். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். திடீர் எரிச்சலும் குழப்பமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் அது அறிகுறி. அதை அடக்கிப் பார்ப்பது தவம் ஆகாது. நோயாளிக்கும் பயணிக்கும் இஸ்லாம் விலக்குத் தருகிறது. விட்ட நோன்பைப் பிறகு வைக்கலாம், அதுவும் இயலாதவர் ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். யூத மரபில், தனக்கு உணவு வேண்டும் என்று நோயாளியே சொன்னால், மற்றவர்கள் என்ன சொன்னாலும் கொடுத்துவிட வேண்டும்.

அதற்குப் பிறகு அப்பா முழுப் பட்டினி இருக்கவில்லை. காலையும் மாலையும் பால், பழம். அந்த வருடங்களில்தான் ஏகாதசி இரவில் எங்களை உட்காரவைத்து அம்பரீஷன் கதை சொல்லத் தொடங்கினார். பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் வருகிறது.

அம்பரீஷன் ஓராண்டு ஏகாதசி விரதம் இருந்து, கார்த்திகையில் மூன்று இரவு பட்டினி கிடந்து, யமுனையில் நீராடிப் பாரணைக்கு உட்காரும் நேரத்தில் துர்வாசர் வருகிறார். அவருக்கும் பசி. சாப்பிடுவதாக ஒப்புக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனவர் திரும்பவில்லை. துவாதசி முடிய அரை முகூர்த்தம், அதாவது 24 நிமிடம்தான் இருக்கிறது. அதற்குள் பாரணை செய்யாவிட்டால் விரதம் பழுது. விருந்தாளிக்கு முன் உண்டாலும் பழுது. பெரியவர்களைக் கேட்டு அரசன் ஒரு வாய்த் தண்ணீர் அருந்துகிறான். அது உண்டதாகவும் ஆகும், உண்ணாததாகவும் ஆகும். வந்த துர்வாசர் தெரிந்துகொண்டு கொதிக்கிறார். தன் சடையில் ஒன்றைப் பிடுங்கிப் பூதமாக ஏவுகிறார். சுதர்சனச் சக்கரம் பூதத்தைப் பொசுக்கிவிட்டு முனிவரைத் துரத்துகிறது. பிரம்மாவிடம் போகிறார், சிவனிடம் போகிறார், திருமாலிடமும் போகிறார். அரசனிடமே போய்க் கேள் என்று திருமால் அனுப்பிவிடுகிறார்.

இந்த இடத்தில் அப்பா கொஞ்சம் நிறுத்துவார். துர்வாசர் திரும்பி வர ஓராண்டு ஆகிறது. அம்பரீஷன் அதுவரை தண்ணீரை மட்டுமே அருந்தி இருந்தான். சக்கரத்தை வேண்டித் தணியச் செய்து, முனிவரின் பாதம் பிடித்து, அவரை உட்காரவைத்து வயிறு நிறையப் பரிமாறினான். அவர் எழுந்த பிறகு, மிஞ்சியதைத் தான் உண்டான்.