ஒவ்வொரு 'டிங்'குக்கும் ஒரு விலை

ஆண்ட்ராய்டு போனில் ஓர் அறிவிப்பு வந்ததும் அதை விரலால் சற்று அழுத்திப் பிடித்தால், இந்த வகை அறிவிப்பே இனி வேண்டாம் என்று நிறுத்தும் வசதி தோன்றும். நமக்கு அது இரண்டு நொடி வேலை. அனுப்பிய நிறுவனத்துக்கோ அது தன்னால் மாற்ற முடியாத முடிவு. நிறுத்தியதைச் செயலி தானாகத் திரும்ப இயக்க ஆண்ட்ராய்டு விடுவதில்லை. அந்த வகையை அழித்துவிட்டு அதே அடையாளத்தில் புதிதாக உருவாக்கினாலும், நாம் முன்பு வைத்த அமைப்பே மீண்டும் வந்து உட்காரும். ஐபோனில் அனுமதி கேட்கும் பெட்டி ஒருமுறைதான் வரும். 2022இல் வெளியான ஆண்ட்ராய்டு 13 முதல் அங்கும் அனுமதி கேட்டாக வேண்டும். இரண்டு முறை மறுத்துவிட்டால் அந்தப் பெட்டியை மறுபடி காட்ட முடியாது.

இழப்பு இப்படி ஒரே திசையில் ஓடுவதால் கணக்கு விசித்திரமாகிறது. ஒரு செயலிக்கு 1,00,000 பயனர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செய்தி போகும்போதும், பெறுபவர்களில் 200 பேருக்கு ஒருவர் வீதம் அறிவிப்பை மூடிவிடுகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய வீதம்தான். தினம் ஒரு செய்தி அனுப்பினால் பத்து நாளில் ஏறக்குறைய 5,000 பேரை இழந்திருப்போம், ஒரு மாதத்தில் சுமார் 14,000 பேரை. ஓர் ஆண்டு முடிவில் செய்தி போய்ச் சேர எஞ்சியிருப்பவர்கள் வெறும் 16,000 பேர். அதே செய்தி வாரம் ஒருமுறை போயிருந்தால் 77,000 பேர் மிஞ்சியிருப்பார்கள். நடைமுறையில் வீதம் இப்படிச் சீராக இருப்பதில்லை. எளிதில் எரிச்சலடைபவர்கள் முதலிலேயே போய்விடுவார்கள். ஆனாலும் திசை இதுதான்.

பெரிய நிறுவனங்களுக்கே இது தெரியாமல் போகக் காரணம், அவர்கள் அளக்கும் விதம். பயனர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கூடுதல் அறிவிப்பு அனுப்பி, இரண்டு வாரம் ஒப்பிடுவது தொழில் வழக்கம். அந்த இரண்டு வாரத்தில் கூடுதல் அறிவிப்பு பெற்றவர்கள் கூடுதலாகவே செயலியைத் திறப்பார்கள். லாபம் உடனே கண்ணில் படுகிறது, நஷ்டம் மெதுவாக வருகிறது. ஃபேஸ்புக்கின் தரவுக் குழு 2022இல் எழுதிய ஓர் அனுபவம் இதற்குச் சாட்சி. ஒரு பகுதிப் பயனர்களுக்கு அறிவிப்புகளைப் பெரிதும் குறைத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே முதலில் வருகை குறைந்தது. வழக்கமான சோதனையாக இருந்தால் அத்துடன் யோசனையைக் கைவிட்டிருப்பார்கள். இவர்கள் சோதனையை நிறுத்தாமல் ஓடவிட்டார்கள். மாதங்கள் செல்லச் செல்ல வருகை மீண்டது. ஏறத்தாழ ஓராண்டில், அதிகம் அனுப்பப்பட்டவர்களைவிடக் குறைவாக அனுப்பப்பட்டவர்களே செயலியை அதிகம் பயன்படுத்தினார்கள். வருவது குறைவாக இருந்தால், வருவதைப் பார்க்கலாம் என்ற எண்ணம் மனிதருக்குள் திரும்ப வளர இத்தனை காலம் ஆகிறது என்பது எனக்கு வியப்பான செய்தி.

மூடாதவர்களும் பார்க்காமல் இருக்கலாம். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தால் கண் அதைத் தாண்டிப் போகிறது. இந்தத் தேய்மானத்தை மிகக் கவனமாக அளந்தவர்கள் மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கெவின் யான்சியும் பர் செட்டில்ஸும். 2020இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, பாடம் படிக்க அழைக்கும் தினசரி நினைவூட்டலைப் பற்றியது. ஒரே அழைப்புக்குப் பல வாசகங்கள் கைவசம் உண்டு. இன்று இவருக்கு எதை அனுப்புவது?

எந்த வாசகத்துக்கு அதிகம் பேர் திரும்பி வருகிறார்களோ அதுவே சிறந்தது என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். அங்கேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. 'உங்கள் தொடர்நாள் கணக்கை விட்டுவிடாதீர்கள்' என்ற வாசகத்தை, தொடர்ந்து சில நாள் படித்தவர்களுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அவர்கள் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள். உதாரணமாக, அந்த வாசகம் பெற்ற 100 பேரில் 30 பேர் படிக்க வந்தார்கள், பொது வாசகம் பெற்ற 100 பேரில் 10 பேர்தான் வந்தார்கள் என்று கொள்வோம். வித்தியாசம் 20 பேர். ஆனால் அதே தொடர்நாள்காரர்களில், அந்த வாசகத்துக்குப் பதில் வேறு ஏதோ ஒன்றைப் பெற்ற 100 பேரில் 29 பேர் வந்திருந்தால்? அப்போது வாசகத்தின் உண்மையான பங்கு ஒரே ஒருவர்தான். அதனால் யான்சியும் செட்டில்ஸும், ஒரு வாசகத்துக்குத் தகுதியுள்ளவர்களை மட்டும் எடுத்து, அதைப் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு மதிப்பெண் போட்டார்கள்.

அதன்மேல் இன்னொரு திருத்தம் செய்தார்கள். ஒருவருக்கு நேற்று அனுப்பிய வாசகத்தின் மதிப்பெண்ணிலிருந்து இன்று ஒரு பங்கைக் கழித்தார்கள். நாள் கடக்கக் கடக்க அந்தக் கழிவு சுருங்கி, வாசகம் மீண்டும் பழைய மதிப்பைப் பெறும். மிகச் சிறந்த வாசகம்கூட ஓய்வெடுத்துவிட்டுத்தான் திரும்ப வர வேண்டும். இதனால் புதுப் பயனர்கள் நிலைத்து நிற்பது 2 சதவீதமும், தினசரிப் பயனர் எண்ணிக்கை 0.5 சதவீதமும் உயர்ந்தன. ஒரு செய்தியைக்கூடக் கூடுதலாக அனுப்பாமல், வரிகளை மாற்றியதால் மட்டும் கிடைத்த உயர்வு இது.

அந்த நினைவூட்டல் போகும் நேரமும் எளிய யோசனைதான்: கடைசியாகப் படித்ததிலிருந்து 23.5 மணி நேரம் கழித்து. நேற்று இந்நேரம் ஓய்வாக இருந்தவர் இன்றும் இருக்கக்கூடும். நாள்கணக்கில் வராதவருக்கு, நினைவூட்டல்கள் பலன் தரவில்லை போலிருக்கிறது, இப்போதைக்கு நிறுத்துகிறோம் என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் செய்தி பலரைத் திரும்ப இழுத்தது உண்மை. அது குற்ற உணர்வைத் தூண்டி இழுக்கிறது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் பதில் இல்லாத இடத்தில் நிறுத்திக்கொள்ளும் வழக்கத்தை எல்லாரும் பின்பற்றலாம்.

எல்லாச் செய்திகளுக்கும் இதே கட்டுப்பாடு வேண்டியதில்லை. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8, செயலியின் அறிவிப்புகளைச் சேனல்களாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பஸ் டிக்கெட் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயண நிலைக்கு ஒரு சேனல், அது ஒலி எழுப்பலாம். சலுகைகளுக்கு இன்னொன்று, அது சத்தமில்லாமல் வந்து கிடக்க வேண்டும். 'உங்கள் பஸ் 20 நிமிடம் தாமதம், 9.40க்குப் புறப்படும்' என்ற செய்தி ஒரே இரவில் மூன்று முறை மாறி வந்தாலும் யாரும் கோபிக்கமாட்டார்கள். திரையைத் திறக்காமலே முழு விஷயமும் அதில் இருக்கிறது. 'உங்களுக்காக ஒரு முக்கியச் செய்தி!' என்று வந்து, திறந்தால் தள்ளுபடி கூப்பன் என்றால் ஒருமுறையே அதிகம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, சலுகை கண்ணில் படட்டும் என்று அதைப் பயண நிலைச் சேனலில் அனுப்புவது. எரிச்சலடைந்த பயணி அந்தச் சேனலை மூடுகிறார். அடுத்த மாதம் புறப்படும் இடம் மாறுகிறது, செய்தி சென்று சேரவில்லை, பஸ்ஸைத் தவறவிட்டவர் செயலியையே நீக்கிவிடுகிறார். நிறுவனத்தின் பதிவேட்டில் அவர் பஸ்ஸைத் தவறவிட்டதால் போனவராகத் தெரிவார். காரணம் ஒரு மாதம் முன்பு அனுப்பிய கூப்பன்.

அதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. செயலி திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் `areNotificationsEnabled()` என்று கேட்டால் அறிவிப்பு மொத்தமாக மூடப்பட்டதா என்று தெரியும். ஒரு சேனலின் முக்கியத்துவம் `IMPORTANCE_NONE` ஆகியிருந்தால் அது மட்டும் மூடப்பட்டது என்று பொருள். செயலியை நீக்கியவர்களைப் பற்றிய தகவல் தாமதமாகவே வரும்: பிறகு அனுப்பும் செய்திக்கு `UNREGISTERED` என்ற பதில் திரும்பும்போது. இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தப் பயனருக்கு அதற்கு முன் போன செய்திகள் எவை, எந்தச் சேனலில் போயின என்று எழுதிப் பார்க்க வேண்டும். சில வாரங்களில் அந்தப் பட்டியலில் ஒருசில வாசகங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். முதலில் நிறுத்த வேண்டியவை அவைதாம், திறப்பு வீதம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும்.