'யோசிச்சுச் சொல்றோம்' என்ற பிறகு

வீட்டை முதல் தடவை பார்க்கக் கணவன் மனைவி மட்டும் வருவார்கள். இரண்டாம் தடவை அப்பா வருவார், மச்சான் வருவார், வாஸ்து தெரிந்த பெரியவர் ஒருவரும் வருவார். குழாயைத் திறந்து பார்ப்பார்கள், பாத்ரூம் சுவரில் ஈரம் தெரிகிறதா என்று தடவுவார்கள், மொட்டைமாடி வரை ஏறி இறங்குவார்கள். கிளம்பும்போது, "யோசிச்சுச் சொல்றோம் சார்."

பிடிக்காத வீட்டை யாரும் இரண்டாம் முறை பார்க்க வருவதில்லை. ஆகவே அந்த யோசனை பெரும்பாலும் வீட்டைப் பற்றியதல்ல. வாய்விட்டுக் கேட்காத ஏதோ ஒரு கேள்வியைப் பற்றியது. புரோக்கர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மறுநாள் காலை "முடிவு பண்ணிட்டீங்களா சார்?" என்று வாட்ஸப்பில் கேட்பார்கள். இரண்டு நாள் கழித்து, "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க, இன்னைக்கே டோக்கன் போட்டாத்தான் நிக்கும்." இரண்டிலும் வாங்குகிறவருக்குப் புதிதாக ஒரு தகவலும் இல்லை. பார்த்துவிட்டு அமைதியாகிவிடுவார்.

ஓர் உதாரணம். சென்னை குரோம்பேட்டையில் பதினைந்து வருடப் பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட். விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விவரமான புரோக்கர் அன்று மாலையே இப்படி எழுதுவார்:

"வணக்கம் சார். நீங்க கேட்ட மூணு விஷயத்துல ரெண்டு தெரிஞ்சுது. மெயின்டனன்ஸ் மாசம் 2,500. கோடையில தண்ணி லாரிக்குத் தனி. 2015 வெள்ளத்துல கார் நிக்கிற இடம் வரைக்கும் தண்ணி வந்திருக்கு, மாடிக்கு வரலைன்னு அசோசியேஷன் செயலாளர் சொல்றார். நீங்களே அவர்கிட்ட பேசலாம். பத்திரம் பேங்க்ல இருக்கு, ஓனருக்கு லோன் பாக்கி. நகல் வெள்ளிக்கிழமை தர்றேன்னு சொல்லியிருக்கார்."

வெள்ளம், கடன் பாக்கி என்று பாதகமான விஷயங்களையும் எழுதியிருக்கிறார். அடுத்து அவர் சொல்லப்போவதை நம்பவைப்பது அதுதான். வெள்ளிக்கிழமை நகல் வராவிட்டாலும், வரவில்லை என்று சொல்லவாவது அன்று ஒரு செய்தி போக வேண்டும்.

இரண்டாவது செய்தி பணத்தைப் பற்றியது. தயக்கத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது, ஆனால் 'கையில் அவ்வளவு இல்லை' என்று அந்நியரிடம் யார் சொல்வார்கள்? 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. 60 லட்சத்துக்கு அது 48 லட்சம். மீதி 12 லட்சம் இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் வீடு பார்க்க வந்திருப்பார்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்து 5,40,000 ரூபாய். இந்தத் தொகையை வங்கி வீட்டின் மதிப்போடு சேர்ப்பதில்லை. கமிஷன் ஒரு சதவீதம் என்றால் இன்னொரு 60,000. ஆக, கையில் வேண்டியது 18 லட்சம். வங்கியின் மதிப்பீட்டாளர் பழைய கட்டடம் என்று 55 லட்சம்தான் போட்டால், கடன் 44 லட்சமாக இறங்கும்; கைக்காசு 22 லட்சமாக ஏறும்.

இந்தக் கணக்கைத் தன் கமிஷனையும் சேர்த்து நாலு வரியில் எழுதி அனுப்புகிற புரோக்கர் குறைவு. பார்ட்டி பயந்து ஓடிவிடுவார் என்ற அச்சம். ஓடட்டுமே, டோக்கன் கொடுத்து, அக்ரிமென்ட் போட்ட பிறகு பணம் புரளாமல் ஓடுவதுதான் மூன்று தரப்புக்கும் வம்பு. கணக்கோடு, "எந்த பேங்க்லயும் லோன் எவ்வளவுன்னு முதல்ல கேட்டுக்கங்க, அதுக்கப்புறம் விலை பேசலாம்" என்று ஒரு வரி சேர்த்தால், அடுத்த படி எது என்று வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும்.

'வேற பார்ட்டி' செய்தி சில நேரம் உண்மையாகவும் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: "அவங்க டோக்கன் கொடுத்தாச்சா, பேசிட்டுதான் இருக்காங்களா?" என்று கேட்டு எழுதுங்கள். உண்மை என்றால் பதில் நேராக வரும். இல்லையென்றால் பேச்சு பொத்தாம்பொதுவாகும், அல்லது கெடு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும். சென்னையில் கமிஷன் பெரும்பாலும் பத்திரப் பதிவு முடிந்தால்தான் கைக்கு வரும், பல இடங்களில் விற்பவரிடமிருந்தும் வரும். அவருடைய அவசரத்துக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

'டைட்டில் கிளியர்' என்று வருகிற செய்தியை மட்டும் அவர் வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் வக்கீல். வில்லங்கச் சான்றிலும் பதிவான விவகாரங்கள்தான் தெரியும். பதிவு செய்யாத ஒப்பந்தமோ பங்காளிச் சண்டையோ தெரியாது.

வேண்டாம் என்று முடிவானால் பலர் பதிலே போடுவதில்லை. "மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை, அம்மாவால ஏற முடியாது" என்று ஒரு வரி எழுதினால் போதும். புரோக்கர் தொந்தரவை நிறுத்துவார். அதே தெருவில் முதல் மாடி ஏதாவது வந்தால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.