பொறுப்பை எழுதிக் கொடுப்பது எப்படி?

வேலையை விட்டுப் போன ஆபீஸ் மேனேஜருக்குப் பழைய அலுவலகத்திலிருந்து வரும் முதல் போன், பெரும்பாலும் நலம் விசாரிக்க வருவதில்லை. "சார், உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், கொஞ்சம் சொல்றீங்களா?" என்றுதான் வரும். அடுத்த வாரம் இன்னொரு போன்: "அந்த வாடகை ஒப்பந்தத்தோட ஒரிஜினல் எங்கே சார் இருக்கு?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருந்திருக்க வேண்டிய இடம், அவர் போகும்போது எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு. 'ஹேண்டோவர் நோட்' என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான்.

அரசு அலுவலகங்களில் பொறுப்பு மாறும்போது, கொடுப்பவரும் பெறுபவரும் கையெழுத்திட்டு ஒப்படைப்புச் சான்று எழுதுவது நெடுநாள் வழக்கம். தனியார் நிறுவனங்களில், அதிலும் முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் இடங்களில், கடைசி நாள் மாலை கேக் வெட்டுவதற்கு முன் அவசரமாக ஒரு பக்கம் எழுதப்படுகிறது. அந்த ஒரு பக்கத்தில் பெரும்பாலும் இருப்பது மேனேஜர் என்னென்ன வேலை பார்த்தார் என்ற பட்டியல்தான். புதிதாக வருபவருக்கு அது உதவாது. ஒவ்வொரு வேலையும் இன்று எந்த நிலையில் நிற்கிறது, யார் கையில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பது ஊழியர்கள், ஒரு எம்.டி., கணக்கு எழுத ஒருவர், வரித் தாக்கலுக்கு வெளியில் ஓர் ஆடிட்டர். ஆபீஸ் மேனேஜர் ஜூன் 30 அன்று விலகுகிறார்.

நடக்கும் வேலைகள்: கெடு தேதியும் தொடங்கும் தேதியும்

மாதாமாதம் திரும்பி வரும் கெடுக்கள் எல்லா அலுவலகங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முந்தைய மாதம் பிடித்த டி.டி.எஸ். தொகையை 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவம் 11ஆம் தேதி, 3-பி படிவம் 20ஆம் தேதி. இடையில் 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. இந்தத் தேதிகளை மட்டும் குறிப்பில் எழுதிவிட்டுப் போனால் அதனால் பயன் குறைவு. இவை ஆடிட்டருக்கும் தெரியும், காலண்டரிலும் இருக்கும்.

யாருக்கும் தெரியாதது, அந்தத் தேதிக்கு முன்னால் மேனேஜர் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைதான். 11ஆம் தேதி படிவம் போக வேண்டுமானால் விற்பனை பில்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு 5ஆம் தேதியே போயாக வேண்டும். அதற்கு 3ஆம் தேதி கணக்கரை உட்கார வைத்து, கேன்சல் ஆன பில்களையும் கிரெடிட் நோட்டுகளையும் சரிபார்க்க வேண்டும். ஆகவே குறிப்பில் முதலில் எழுத வேண்டியது 3ஆம் தேதி. 11ஆம் தேதி பிறகு வரட்டும்.

ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்பதையும் எழுதலாம். ஜூன் 10 அன்று பிடித்த 50,000 ரூபாய் டி.டி.எஸ். தொகையை ஜூலை 7க்குப் பதில் 8ஆம் தேதி கட்டினால், வட்டி ஒரு நாளைக்கு இல்லை. பிடித்த தேதியிலிருந்து, மாதத்துக்கு 1.5 சதவீதம், மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கணக்கு. ஜூன், ஜூலை என இரண்டு மாதம், 3 சதவீதம், 1,500 ரூபாய். மேனேஜர் மாறும் மாதத்தில்தான் இப்படிப்பட்ட வட்டி அதிகம் விழும்.

மாதக் கெடுக்களைவிட ஆபத்தானவை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் தலைகாட்டுபவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தொழில்வரி, சொத்துவரி, தீயணைப்பு சிலிண்டர் நிரப்புவது, ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தம், சரக்குக் காப்பீட்டுப் புதுப்பிப்பு, எம்.டி.யின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் காலாவதி. ஒப்படைக்கும் வாரத்தில் இவற்றைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், ஏனென்றால் அந்த வாரம் இவற்றில் எதுவும் நடக்காது. ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை பன்னிரண்டு மாதங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அந்த மாதம் வருவதைப் போட்டுவிட்டால் இவை தப்பாது.

நிலுவையில் இருக்கும் அனுமதிகள்

குறிப்பில் மிகவும் கெட்டுப்போகும் பகுதி இதுதான். சாதாரணமாக இப்படி எழுதப்படுகிறது:

"யு.பி.எஸ். பேட்டரி மாற்றம் – எம்.டி. அப்ரூவல் பெண்டிங்."

புதியவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? எம்.டி.யிடம் போய்க் கேட்பார். எம்.டி. "எந்த பேட்டரி?" என்பார். கொட்டேஷன் வாங்குவதிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கும். அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"கம்ப்யூட்டர் அறை யு.பி.எஸ்.: 16 பேட்டரிகளையும் மாற்ற வேண்டும். இப்போது கரண்ட் போனால் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. மூன்று கொட்டேஷன் வாங்கியாகிவிட்டது. இரண்டாவது விலைக்காரரைப் பரிந்துரைத்திருக்கிறேன். அவர் மட்டும்தான் பழைய பேட்டரிகளை எடுத்துக்கொண்டு அதன் விலையைக் கழிக்கிறார். ஜூன் 9 அன்று எம்.டி.க்கு மெயில் அனுப்பினேன். 12ஆம் தேதி நேரில் கேட்டபோது 'பண்ணிடலாம்' என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. கொட்டேஷன் ஜூலை 10 வரை செல்லும். அடுத்து செய்ய வேண்டியது: அதே மெயிலுக்கு எம்.டி.யிடம் ஒரு வரி பதில் வாங்கி பர்ச்சேஸ் ஆர்டர் போடுவது. அதுவரை கரண்ட் போனால் முதலில் சர்வரை நிறுத்தவும்."

பத்து வரிதான். ஆனால் என்ன, ஏன், யாரிடம், எதுவரை, அடுத்தது என்ன, அதற்குள் எப்படிச் சமாளிப்பது எல்லாம் வந்துவிட்டது. இதில் முக்கியமான வரி "எழுத்தில் எதுவும் இல்லை" என்பது. நம் அலுவலகங்களில் பாதி அனுமதிகள் வாசற்படியிலும் கார் கதவருகிலும் வாய்வார்த்தையாகக் கிடைப்பவை. மேனேஜர் இருக்கும்வரை அது போதும். நாளை சந்தேகம் வந்தால் "நீங்கதான் சார் சொன்னீங்க" என்று நினைவூட்ட அவர் இருக்கிறார். அவர் போன பிறகு சாட்சி கிடையாது. பொருளை இறக்கிய வியாபாரி பில்லோடு வந்து நிற்பார், புதியவர் பணம் கொடுக்கத் தயங்குவார்.

அதனால் விலகுபவர் கடைசி இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை, வாய்வழி அனுமதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, "12ஆம் தேதி நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கும் சிறு மெயில் போட்டு பதில் வாங்குவது. பதில் வராதவற்றைக் குறிப்பில் தனியாகப் பிரித்து எழுத வேண்டும். எழுத்தில் கிடைத்தவை, வாய்வார்த்தையாக மட்டும் இருப்பவை, இன்னும் கேட்கவே இல்லாதவை என மூன்றாகப் பிரித்தால் போதும். ஊழியருக்குக் கொடுத்த முன்பணம், மாதம் எவ்வளவு பிடிப்பதாகப் பேச்சு என்பதும் இந்தப் பட்டியலில்தான் வரும். சம்பளம் போடும் அன்றுதான் அதன் அருமை தெரியும்.

கைச்செலவுப் பணத்தை மட்டும் குறிப்பில் எழுதி நிறுத்தக்கூடாது, இருவரும் உட்கார்ந்து எண்ண வேண்டும். பெட்டியில் இருக்க வேண்டியது 10,000 ரூபாய் என்றால்: ரொக்கம் 3,640, வவுச்சர்கள் 4,860, இன்னும் பில் வராத துண்டுச்சீட்டுகள் 1,500. கூட்டினால் சரியாக வருகிறது. ஆனால் அந்த 1,500க்கு யார் யார் பில் தர வேண்டும் என்று பெயரோடு எழுதாவிட்டால், அது புதியவர் தலையில் விழும்.

கோப்புகள் எங்கே?

"எல்லா ஃபைலும் பீரோவில் இருக்கிறது" என்பது பதிலே இல்லை. அந்த அறைக்கு முன்பின் வராத ஒருவர் தனியாகப் போய் எடுக்க முடிய வேண்டும்: எந்த பீரோ, எத்தனையாவது தட்டு, ஃபைலின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது, சாவி யாரிடம். அதோடு, அங்கே இருப்பது ஒரிஜினலா நகலா என்பதும். நிலப் பத்திரத்தின் ஒரிஜினல் கடனுக்காக வங்கியில் இருக்கலாம். ஒரு வழக்குக்காக வாடகை ஒப்பந்தம் வக்கீலிடம் போயிருக்கலாம். வெளியே போன ஒரிஜினல்களுக்கு, யாரிடம், எந்தத் தேதியில், ஒப்புகைச் சீட்டு எந்த ஃபைலில் என்று தனிப்பட்டியல் வேண்டும். பீரோவில் இருப்பதைத் தேடியாவது எடுத்துவிடலாம். பீரோவில் இல்லாததைத் தேடிப் பயனில்லை.

கம்ப்யூட்டர் கோப்புகளில் சிக்கல் வேறு. மேனேஜரின் டெஸ்க்டாப்பில் Final, Final_New, Final_New_2 என்று மூன்று இருக்கும். எது கடைசி என்பது அவருக்கே தெரியும். கொட்டேஷன் வாட்ஸப்பில் வந்திருக்கும், சொந்த மெயிலில் சில கிடக்கும். இவை எல்லாவற்றையும் பொது ஃபோல்டருக்கு மாற்றி, 2025-06_UPS_Quote_2.pdf என்பதுபோல் தேதியும் பொருளும் தெரியும் பெயர் வைத்துவிட்டுத்தான் குறிப்பை எழுத வேண்டும். பழைய இடத்தை எழுதிவிட்டுப் பிறகு கோப்பை மாற்றினால் குறிப்பு பொய்யாகிவிடும். போனிலும் சொந்த மெயிலிலும் மிஞ்சும் பிரதிகளை நிறுவனத்தின் சம்மதத்தோடு அழித்துவிடுவது இருவருக்கும் நல்லது.

பாஸ்வேர்டுகளைக் குறிப்பில் எழுதக்கூடாது. அந்தத் தாள் எத்தனை பேர் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. குறிப்பில் இருக்க வேண்டியது, எந்தத் தளம், எந்தப் பயனர் பெயர், எந்த மொபைலுக்கு ஓ.டி.பி. வருகிறது என்ற பட்டியல். ஜி.எஸ்.டி., பி.எஃப்., வங்கி, மின்வாரியம் என்று எங்கெல்லாம் மேனேஜரின் சொந்த எண் பதிவாகியிருக்கிறதோ, அவற்றை அவர் இருக்கும்போதே அலுவலக சிம் எண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். பல தளங்களில் எண்ணை மாற்றவே பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். பாஸ்வேர்டுகளை நேரில் தனியாக ஒப்படைத்து, அவர் விலகும் நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும்.

சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது

குறிப்பு முடிந்ததும் ஒரு சோதனை செய்யலாம். புதியவர் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மூன்று வேலை செய்யட்டும்: ஓர் ஒரிஜினலை எடுப்பது, ஒரு தளத்தில் நுழைவது, நிலுவையில் உள்ள ஓர் அனுமதிக்கு அடுத்த மெயிலை எழுதுவது. விலகுபவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்க்கட்டும். புதியவர் எங்கே நின்று திரும்பிப் பார்க்கிறாரோ, குறிப்பில் அங்கேதான் வரி விட்டுப்போயிருக்கிறது. பிறகு தேதியிட்டு இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை எம்.டி.க்குக் கொடுக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு நடப்பதற்கு விலகியவர் பொறுப்பில்லை என்பதற்கு அவருக்கும் அது ஆதாரம்.

சக ஊழியர்களைப் பற்றிய அபிப்பிராயங்கள் இதில் வேண்டாம். "அவர் சரியாகப் பதில் சொல்லமாட்டார்" என்று எழுதுவதைவிட, "மூன்று முறை மெயில் அனுப்பினேன், பதில் இல்லை" என்று நடந்ததை எழுதினால் போதும்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தக் குறிப்பைக் கடைசி நாளில் கேட்காதீர்கள். ராஜினாமா கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே முதல் வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் "வாய்வார்த்தையாக மட்டும்" என்ற தலைப்பின் கீழ் இருப்பவை எல்லாம் உங்கள் பதிலுக்காக நிற்பவை. அவர் போவதற்குள் அவற்றுக்கு நீங்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.