60 லட்சம் பாக்கியில் எவ்வளவு வரும்?

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையை வைத்துக்கொள்வோம். கடையும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. லுங்கி, துண்டு, பெட்ஷீட் எல்லாம் வாங்கி, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள சில்லறைக் கடைகளுக்கு 30 நாள் கடனில் அனுப்புகிறார்கள். மார்ச் 31 அன்று வெளியில் நிற்கும் பாக்கி 60 லட்சம் ரூபாய். வங்கிக்குக் கொடுக்கும் கணக்கிலும் அந்த 60 லட்சம் சொத்தாகத்தான் நிற்கிறது. ஆனால் அத்தனையும் கைக்கு வந்து சேருமா?

"எல்லாம் வந்துரும்" என்பார் முதலாளி. "நாலஞ்சு பேரு சந்தேகந்தானுங்க" என்பார் கணக்குப்பிள்ளை. ஆடிட்டர் கேட்பது வேறு: எத்தனை ரூபாய் சந்தேகம், எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அதற்குப் பதில் சொல்லத்தான் பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துப் போடும் பட்டியல் தேவைப்படுகிறது. 'ஏஜிங்' என்றால் டேலி பார்க்கும் எல்லோருக்கும் புரியும்.

செய்முறை எளிது. வசூலாகாத ஒவ்வொரு பில்லுக்கும் அன்றைய தேதியில் எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்து, அதற்குரிய கட்டத்தில் போட வேண்டும். வயதை பில் தேதியிலிருந்து எண்ணலாம், அல்லது பணம் வர வேண்டிய கெடு தேதியிலிருந்து எண்ணலாம். எதை எடுத்தாலும் வருடா வருடம் அதையே எடுக்க வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட கம்பெனி சட்ட அட்டவணைப்படி, கம்பெனிகள் கெடு தேதியிலிருந்து எண்ணி, 6 மாதத்துக்குள், 6 மாதம் முதல் 1 வருடம், அதன்பின் 2, 3 வருடம் வரை, 3 வருடத்துக்கு மேல் என்று பிரித்து ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும். 30 நாள் கடனில் விற்கும் கடைக்கு அந்தக் கட்டங்கள் உதவாது. முதல் 6 மாதத்தையே ஒரே மூட்டையாகக் கட்டிவைத்தால், எந்தக் கட்டத்தில் பணம் நழுவுகிறது என்பதே தெரியாமல் போகும். நம் கடைக்கு பில் தேதியிலிருந்து எண்ணிய பட்டியல் இப்படி வருகிறது:

| பில்லின் வயது | பாக்கி (ரூபாய்) |
|---|---|
| 0–30 நாள் | 30 லட்சம் |
| 31–60 நாள் | 15 லட்சம் |
| 61–90 நாள் | 8 லட்சம் |
| 91–180 நாள் | 4 லட்சம் |
| 180 நாளுக்கு மேல் | 3 லட்சம் |

இதுவரை வெறும் அடுக்கல்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை சதவீதம் வராது என்று போடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். புதிய பாக்கிக்கு 1, அடுத்ததற்கு 5, பழையதற்கு 50 என்று ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து எடுத்த சதவீதத்தைப் போட்டுவிடுகிறார்கள். வேறொரு கடையின், வேறொரு சரக்கின் அனுபவம் நம் கடைக்கு எப்படிப் பொருந்தும்? சதவீதம் நம் பேரேட்டிலிருந்தே வர வேண்டும், வரவும் செய்யும்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு முழு நிதியாண்டின் கடன் பில்களை எடுங்கள். அவற்றின் கதை இதற்குள் முடிந்திருக்கும். வந்தது வந்திருக்கும், போனது போயிருக்கும். நம் கடையில் அந்த வருடக் கடன் விற்பனை 3 கோடி. அதில் 30 நாள் கடந்தும் வராமல் நின்றது 1.5 கோடி. 60 நாள் கடந்தும் நின்றது 60 லட்சம், 90 நாள் கடந்து 18 லட்சம், 180 நாள் கடந்து 7.2 லட்சம். இன்றுவரை வராமலே போனது 4.32 லட்சம்.

இனி வெறும் வகுத்தல்தான். போன 4.32 லட்சத்தை ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நுழைந்த தொகையால் வகுக்க வேண்டும். 3 கோடியால் வகுத்தால் 1.44 சதவீதம், இது புதிய பில்லின் நஷ்ட விகிதம். 1.5 கோடியால் வகுத்தால் 2.88. 60 லட்சத்தால் 7.2, 18 லட்சத்தால் 24, கடைசியாக 7.2 லட்சத்தால் 60 சதவீதம். போன தொகை ஒன்றுதான். வயது கூடக்கூட, மிச்சம் நிற்கும் பாக்கியில் அதன் பங்கு பெருத்துக்கொண்டே போகிறது. 60 நாள் தாண்டிய நூறு ரூபாயில் ஏழுதான் போகிறது, 90 நாள் தாண்டியதில் இருபத்துநாலு போகிறது. வசூலுக்கு ஆள் அனுப்ப வேண்டிய நேரம் 60க்கும் 90க்கும் இடையில்தான் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. முதலாளிக்கு ஒதுக்கீட்டுத் தொகையைவிட இந்த ஒரு தகவல் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

இந்த விகிதங்களை மார்ச் 31 பட்டியலோடு பெருக்கிப் பாருங்கள். 30 லட்சத்துக்கு 43,200 ரூபாய். 15 லட்சத்துக்கும் அதே 43,200. 8 லட்சத்துக்கு 57,600, 4 லட்சத்துக்கு 96,000, கடைசி 3 லட்சத்துக்கு 1,80,000. கூட்டினால் 4,20,000 ரூபாய். இன்னும் யார் பணமும் போய்விடவில்லை, எந்தக் கடைக்காரர் ஏமாற்றுவார் என்றும் தெரியாது. ஆனாலும் இந்தக் கூட்டத்தில் இவ்வளவு போகும் என்று பழைய அனுபவம் சொல்கிறது. பெரிய கம்பெனிகளுக்கான இந்தியக் கணக்கியல் தரம் 109 அனுமதிக்கும் எளிய முறையும் அடிப்படையில் இதேதான். அதோடு, இனி வரப்போகும் நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது அந்தத் தரம்.

அந்தப் பார்வையை நம் கடைக்கும் போட்டுப் பார்ப்போம். இப்போது மாத விற்பனை 40 லட்சம் என்று வையுங்கள். பழைய விகிதப்படி பார்த்தால் 61–90 நாள் கட்டத்தில் 5 லட்சத்தைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். 8 லட்சம் நிற்கிறது. ஏன்? பேரேட்டைத் திறந்தால், 3 லட்சம் ஒரே ஆளுடையது. பாலக்காட்டுக் கடை ஒன்று. செக் திரும்பிவிட்டது, கடையும் இரண்டு வாரமாகப் பூட்டியிருக்கிறது. அதே கடையின் இன்னொரு 1 லட்சம் ரூபாய் பில் 31–60 நாள் கட்டத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. பூட்டிய கடையின் பில் எவ்வளவு புதியதாக இருந்து என்ன பயன்? ஆள் சரிந்துவிட்டால் அவருடைய எல்லா பில்லும் ஒரே வயதுதான். அதனால் அந்த 4 லட்சத்தைப் பட்டியலிலிருந்து வெளியே எடுத்துத் தனியாகக் கணிக்க வேண்டும். சரக்கில் கொஞ்சம் திரும்ப எடுக்கலாம், அண்ணன் பொறுப்பேற்றிருக்கிறார் என்றெல்லாம் பார்த்து, பாதி போகும் என்று முதலாளி முடிவு செய்கிறார். அது 2 லட்சம். மீதி 56 லட்சத்துக்குப் பழைய விகிதங்களைப் போட்டால் 3,95,520. ஆக மொத்தம் 5,95,520 ரூபாய்.

விற்பனை வேகமாக ஏறியதும் ஒரு எச்சரிக்கைதான். 3 கோடி விற்ற கடை இப்போது அதைவிட வெகுவாகக் கூடுதலாக விற்கிறது என்றால் புதிய கடைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். பழைய விகிதம் பழைய ஆட்களின் நடத்தை. புதியவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. புதியவர்களின் பில்களை மட்டும் தனியே எடுத்து, 60 நாளை எத்தனை பங்கு தாண்டுகிறது என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

கணக்கு எவ்வளவு சரியாகப் போட்டாலும், பட்டியலே பொய் சொன்னால் எல்லாம் வீண். அது பொய் சொல்லும் வழிகளில் மோசமானது திரும்பிய செக். செக் வாங்கிய அன்றே பில் தீர்ந்ததாக எழுதிவிடுகிறார்கள். பத்து நாளில் செக் திரும்புகிறது. அன்றைய தேதியில் புதிய பற்றாக எழுதுகிறார்கள். 85 நாள் பழைய பாக்கி அந்த நிமிடமே ஒரு நாள் குழந்தையாகிவிடுகிறது! கடையிலேயே ஆபத்தான பாக்கி 1.44 சதவீதக் கட்டத்தில் போய் ஒளிந்துகொள்கிறது. டேலியில் அந்தத் திருப்பத்தைப் போடும்போது New Ref கொடுக்காமல், Agst Ref கொடுத்துப் பழைய பில் எண்ணையே காட்டினால் வயது மாறாது.

அடுத்தது On Account. வாங்குபவர் எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் ரவுண்டாக 50,000 அனுப்புகிறார். அதை எந்த பில்லிலும் ஒட்டாமல் விட்டால் பழைய பில்கள் வயதாகிக்கொண்டே போய் பாக்கி இருப்பதைவிட மோசமாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பழைய பில்லில் கழித்தால் வேறு தொல்லை: சரக்கு சரியில்லை என்று அவர் வேண்டுமென்றே நிறுத்திவைத்த பில் தீர்ந்தது போல மறைந்துவிடும், தகராறு கண்ணில் படாது. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, இந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டால் அதற்குத்தான் கழிக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் வாங்கியவர் தம் விருப்பப்படி கழித்துக்கொள்ளலாம். ஒரு போன் போட்டு "எந்த பில்லுக்குங்க?" என்று கேட்டுவிட்டால் பட்டியல் சுத்தமாக இருக்கும்.

மார்ச் கடைசியில் சரக்கு திரும்பி வந்ததாக எழுதி, ஏப்ரலில் அதே தொகைக்குப் புதிய பில் போட்டு வயதைக் குறைக்கும் வித்தையும் உண்டு. ஆண்டு இறுதித் திருப்பங்களையும் ஏப்ரல் பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது சிக்கிவிடும்.

5,95,520 ரூபாயை எப்படி எழுதுவது? ஏற்கெனவே போன வருட ஒதுக்கீடு 3,50,000 இருந்தால், இந்த வருட லாபத்திலிருந்து கழிவது வித்தியாசமான 2,45,520 மட்டும்தான். ஐந்தொகையில் 60 லட்சத்திலிருந்து முழு ஒதுக்கீட்டையும் கழித்து 54,04,480 என்று காட்ட வேண்டும். யாருடைய பேரேட்டிலும் ஒரு ரூபாயும் குறையாது. பாலக்காட்டுக் கடைக்காரர் இன்னும் முழு 4 லட்சத்துக்கும் கடன்காரர்தான்.

வருமான வரி இந்த ஒதுக்கீட்டை மதிக்காது. நம் கடை போன்ற வியாபாரத்தில், வராது என்று மதிப்பிட்டதற்குக் கழிவு கிடையாது. கடனைக் கணக்கிலிருந்தே தள்ளுபடி செய்த வருடத்தில்தான் கிடைக்கும். அப்படித் தள்ளினால் போதும், கடன் உண்மையிலேயே மூழ்கிவிட்டது என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜிஎஸ்டியில் நிலைமை இன்னும் கசப்பு. பில்லோடு கட்டிய வரி, பணம் வராமல் போனால் திரும்பி வராது. அதனால் வரியோடு சேர்ந்த முழு பில் தொகைக்கும் ஒதுக்கீடு போட வேண்டும்.

வழக்குப் போடுவதற்கான 3 வருடக் கெடுவையும் பட்டியலில் ஒரு ஓரமாகக் குறித்துவைப்பது நல்லது. கெடுவுக்குள் வாங்குபவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து கெடு மறுபடி ஓடத் தொடங்கும். கெடு தாண்டிய பாக்கிக்கு 60 சதவீதம் போதாது, முழுவதையும் ஒதுக்கிவிடுவதே நேர்மை.

அடுத்த மார்ச் 31 அன்று, இந்த வருடத்து 60 லட்சம் பட்டியலையே எடுத்து, அதிலுள்ள பில்களில் எவை வந்தன என்று டிக் அடித்துப் பார்க்கலாம். வராமல் நிற்பவற்றில் இனித் தேறாது என்று முடிவானவை 9 லட்சம் என்றால், 6 லட்சம் ஒதுக்கிய கணக்கில் ஏதோ ஒரு கட்டம் தப்பு. எந்தக் கட்டத்து பில்கள் அதிகம் தங்கின என்று பார்த்து அந்த விகிதத்தை மட்டும் திருத்தினால் போதும். 2 லட்சம்தான் போனது என்றால் முதலாளி சந்தோஷப்படுவார். ஆனால் விகிதத்தைக் குறைப்பதற்கு முன், திரும்பிய செக்குகளை எந்தத் தேதியில் எழுதியிருக்கிறார்கள் என்று இன்னொரு முறை பார்த்துவிடட்டும்.